இரண்டே இரண்டு முத்திரைகள்

அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் முத்திரைகள் இரண்டே இரண்டுதான். ஒன்று 'குணம்', இன்னொன்று 'மரணம்'. நோயாளி என்று ஒருவர் வாசலில் கால் வைத்துவிட்டால், இந்த இரண்டில் ஒன்று விழுந்த பிறகுதான் அவருடைய ஃபைல் அலமாரிக்குப் போய்ச் சேரும். குணமும் ஆகாமல், போயும் சேராமல் நடுவில் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு முத்திரை கிடையாது. அப்படிப்பட்ட ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதையே நிர்வாகம் ஒப்புக்கொண்டதில்லை.

ஒருவர் குணமாகிவிட்டார் என்று கண்டுபிடிக்க அவரைப் பார்க்கக்கூட வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் எண் சரியாக வந்துவிட்டதா, குணம். மூன்று மாதமாக ஆளையே காணோமா, அப்போதும் குணம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனவர், நம்பிக்கை விட்டுப்போனவர், பேருந்தில் ஏற முடியாமல் வீட்டிலேயே முடங்கியவர் எல்லோரும் இந்த வழியில்தான் குணமானார்கள். ஊரிலேயே அதிகம் பேரைக் குணப்படுத்திய ஆஸ்பத்திரி என்று முன் வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அதில் பாதிப் புண்ணியம் பூமிக்குக் கீழே இரண்டாவது தளத்தில் உட்கார்ந்திருந்த ரெக்கார்டு அக்காவைச் சேர வேண்டும்.

அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருஷமாக அந்த நிலவறையில் வேலை. காலை ஏழரைக்கு உள்ளே போனால் வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மதியச் சாப்பாடும் அங்கேதான், 'ம' வரிசை அலமாரிக்கும் 'ய' வரிசை அலமாரிக்கும் நடுவில். ஜன்னல் கிடையாது. சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு படம் மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு சூரியன் இருந்தது, பத்தொன்பது வருஷமாக உதித்துக்கொண்டே.

போன வருஷம் முதல் அக்காவுக்கு உடம்பெல்லாம் வலித்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கெண்டைக்கால் முன்னெலும்பு, இடுப்பு, விலா, முதுகு என்று எல்லா இடத்திலும் ஆழத்தில் ஒரு நோவு, எலும்புக்குள்ளேயே யாரோ குடிவந்த மாதிரி. பிறகு தொடையில் பலம் போனது. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அலமாரியைப் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுக்க வேண்டும். நடை இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. பரிசோதனைக்கூடத்து ஆட்கள் அதற்கு 'வாத்து நடை' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அது டாக்டர்களே சொல்லும் பெயர் என்று அவர்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்கு வைத்தியத்துக்கா பஞ்சம். மருந்துக்கடைக்காரர் வலி மாத்திரை கொடுத்தார். இரண்டு மணி நேரம் வலி போய், பிறகு வயிற்றெரிச்சலோடு சேர்ந்து திரும்பி வந்தது. எலும்பு டாக்டர் நடைபாதையில் நின்றபடியே மூட்டுக்கு ஒரு எக்ஸ்ரே எழுதினார். பார்த்துவிட்டு மூட்டு பளிங்கு மாதிரி இருக்கிறது, மனசில் ஏதாவது கவலையா என்று கேட்டார். செவிலியர்கள் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். வீட்டுக்காரர் பேருந்து பணிமனையில் மெக்கானிக். வண்டி பழசானால் சத்தம் வரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஆனால் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள் நாத்தனார்தான். மாடி வீட்டில் இருந்தாள். இவள் படி ஏறி வரும் லட்சணத்தை மேலே நின்று பார்த்துவிட்டு ஒருநாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. உக்காந்தே வேலை பாக்குற உடம்பு. வேலை செஞ்சா வலி போயிடும். வலிக்குதுன்னு உக்காந்தா அது இன்னும் உக்காரும்."

சொல்லிவிட்டுத் தன் துணிக்கூடையையும் அண்ணியின் கையில் கொடுத்தாள். வைத்தியம் பார்ப்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது பொது மருத்துவம் பார்க்கும் டாக்டரம்மா. ஒரு பழைய ஃபைலைத் தேடி அவரே நிலவறைக்கு வந்தார். அக்கா அலமாரியைப் பிடித்து, தொடையில் கை ஊன்றி, நாலு தவணையில் எழுந்து நின்றதைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். மறுபடி உட்காரச் சொன்னார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். அக்கா முன்னால் சாய்ந்தாள், பின்னால் சாய்ந்தாள், முகம் சிவந்ததுதான் மிச்சம். டாக்டரம்மா குனிந்து அவள் கெண்டைக்கால் முன்னெலும்பைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். அக்கா கத்திவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் எழுந்த முதல் சத்தம் அதுதான்.

ரத்தம் எடுத்தார்கள். விட்டமின் டி ஆறு இருந்தது. இருபதுக்குக் கீழே போனாலே குறை. கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கியிருந்தன. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளத் தவிக்கும்போது ஏறுகிற ஒரு நொதி, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், இருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு ஏறியிருந்தது. இடுப்பு எக்ஸ்ரேயில் வலது தொடை எலும்பின் கழுத்துப் பக்கம் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய கோடு. முழு முறிவு இல்லை, ஆனால் முறிவுக்கு அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டது என்றார் டாக்டரம்மா.

அவர் விளக்கியதை அக்கா ஒரு வரி விடாமல் மனசில் குறித்துக்கொண்டாள். தோலில் வெயில் பட்டால் உடம்பே விட்டமின் டியைச் செய்துகொள்ளும். அது இல்லாவிட்டால் சாப்பாட்டில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சாது. எலும்பு புதுசு புதுசாக வளரும், ஆனால் இறுகாது. "செங்கல் அடுக்கிட்டே இருக்கீங்க, சிமெண்டு வரவே இல்ல," என்றார். தசைக்கும் அதே கதிதான்; அதனால்தான் தொடையும் இடுப்பும் ஒத்துழைக்கவில்லை. இது சோம்பலும் இல்லை, மனக்கவலையும் இல்லை. அதைக் கேட்டதும் அக்கா அழுதுவிட்டாள். நோய் இருக்கிறது என்று சொன்னதற்காக ஒருத்தி சந்தோஷத்தில் அழுததை டாக்டரம்மா முதல் தடவையாகப் பார்த்திருக்க மாட்டார்; காகிதக் கைக்குட்டைப் பெட்டியை இவள் பக்கம் தள்ளிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

வாரத்துக்கு ஒரு பெரிய கேப்ஸ்யூல், எட்டு வாரம். பிறகு மாதத்துக்கு ஒன்று, அதை நிறுத்தக்கூடாது. தினமும் சாப்பாட்டோடு கால்சியம். ஏணி ஏறக்கூடாது, பெட்டி தூக்கக்கூடாது. மதிய வேளையில் கொஞ்ச நேரம் கையும் முகமும் வெயிலில் படட்டும். எவ்வளவு நாளில் சரியாகும் என்று அக்கா கேட்டாள்.

"ரத்தம் மூணு மாசத்துல சரியாயிடும். தசைக்கு அதைவிட நாளாகும், அஞ்சாறு மாசம் கூட ஆகலாம். எலும்பு முழுசா இறுக ஒரு வருஷம் வெச்சுக்கோங்க. மூணு மாசத்துல ரிப்போர்ட்டைப் பாத்துட்டு யாராவது குதிப்பாங்க. நீங்க குதிக்காதீங்க."

குதிக்க அக்காவால் எப்படியும் முடியாது.

பெட்டி தூக்காத வேலைக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அவள் நிர்வாக அதிகாரியிடம் போனாள். அவருக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பெயர்தான், காலக்கெடு. எந்தக் காகிதத்திலும் முதலில் அவர் தேடுவது எந்தத் தேதிக்குள் முடியும் என்பதைத்தான். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் தரைத்தள மேஜையில் உட்கார அனுமதி கொடுத்தார். அதன்பிறகு மறுபடி நிலவறை, ஏணி, பெட்டி. முடியாதென்றால் ராஜினாமா. வெயிலுக்காக மொட்டை மாடிச் சாவி கேட்டாள். அதற்குத் தனி விண்ணப்பம், ஐந்து கையெழுத்து என்றார். சாவி அவருடைய மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. இழுப்பறை அவருடைய முழங்காலுக்கு நேராக இருந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

முதல் கேப்ஸ்யூலை அவள் விழுங்கிய மறுநாள் காலையிலேயே நாத்தனார் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இரண்டாவது வாரமும் கேட்டாள். மூன்றாவது வாரம் கேட்பதை விட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். வீட்டுக்காரர் வேறு விதமாக யோசித்தார். எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் வாரத்துக்கு ஒரு சொட்டா விடுவார்கள், மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்று என்றார். அக்காவுக்கும் சபலம் தட்டியது. எட்டையும் எட்டு நாளில் முடித்துவிட்டால் என்ன? நல்லவேளை, டாக்டரம்மாவிடம் வாயை விட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் திட்டினார். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி வரும், சிறுநீரகம் கெடும். உடம்பு வாங்கிச் சேர்க்கிற வேகத்தில்தான் சேர்க்கும், அவசரப்படுத்தினால் கோபித்துக்கொள்ளும். எஞ்சின் உதாரணம் சொன்னவரை நேரில் அழைத்து வரச் சொன்னார். வீட்டுக்காரருக்கு அன்று பார்த்து அவசர வேலை வந்துவிட்டது.

ஆறாவது வாரம் ஒன்று நடந்தது. படுக்கையில் புரளும்போது விலா வலிக்கவில்லை. அவ்வளவுதான். அதை யாரிடம் சொல்வது? புரண்டு படுத்தேன் என்று சொன்னால் நாத்தனார் மாலை போடுவாளா? அக்கா தனக்குத்தானே இன்னொரு தரம் புரண்டு பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது வாரம் ரிப்போர்ட் வந்தது. விட்டமின் டி முப்பத்து நாலு.

டாக்டரம்மா சொன்னபடியே எல்லோரும் குதித்தார்கள். நாத்தனார் துணிக்கூடையோடு இறங்கி வந்தாள், இப்போது இரண்டு கூடை. வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரைக் காட்டி, நீ ஒரு பக்கம் பிடி என்றார். மருந்துக்கடைக்காரர் கை குலுக்கினார். அக்காவுக்கோ இன்னமும் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. அவள் எழுந்த விதத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் முப்பத்து நாலு முப்பத்து நாலு என்றார்கள், அவளுக்கு எண்ணத் தெரியாத மாதிரி.

மதியத்துக்குள் காலக்கெடு ஆள் அனுப்பினார். ரிப்போர்ட்டை அவரும் பார்த்திருந்தார். எண் சரி, ஆகவே ஆள் சரி. திங்கட்கிழமை காலை அவளுடைய ஃபைலில் 'குணம்' விழ வேண்டும், அவள் ஏணியில் ஏற வேண்டும். ஊழியர்களுக்கான ஃபைலானாலும் முத்திரை ரெக்கார்டு அறையில்தான். அதாவது அவளே தன் கையால் அடித்துக்கொள்ள வேண்டும். வலி இன்னும் இருக்கிறதே என்றாள். அவர் ரொம்ப மரியாதையாகச் சிரித்தார்.

"இப்படித்தாம்மா சலவைப் பிரிவுலயும் ஆறு பேர் சொன்னாங்க. ரிப்போர்ட் நார்மல். ஃபைலை மூடினோம். அவங்களே விருப்பப்பட்டு வேலையை விட்டுட்டாங்க. நீங்கதானே மூடினீங்க, ஞாபகம் இல்லையா?"

அக்காவுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் 'குணம்' அலமாரியில் துழாவினாள். ஆறு ஃபைலும் கிடைத்தன. சலவைப் பிரிவும் நிலவறையில்தான், அவளுடைய அறைக்கு எதிர்ப்பக்கம். ஆறு பேருக்கும் ஒரே புகார்: உடம்பெல்லாம் எலும்பு நோவு, படி ஏற முடியவில்லை. ஆறு பேருக்கும் விட்டமின் டி எண் ஏழிலிருந்து ஒன்பதுக்குள். பிறகு மூன்றாம் மாதம் முப்பதைத் தாண்டியதும், பக்கத்தின் கீழே அழகாக, கோணாமல், நீல மையில் 'குணம்'. முத்திரையைக் கோணாமல் அடிப்பதில் அக்காவுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

அந்த ஆறு பேரில் இஸ்திரிக்காரம்மாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். வேலையை விட்ட பிறகு என்ன ஆனாள் என்று கேட்டதில்லை. ஃபைலில் குணம் என்று இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலை விசாரித்துக்கொண்டு போனாள். மூன்று தெரு தள்ளி, தையல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. உள்ளிருந்து டக், டக் என்று வாக்கரின் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் ஆள் வந்தாள்.

ஃபைலை மூடியதும் ஊழியர்களுக்கான இலவச மருந்து நின்றுபோயிருக்கிறது. குணமானவளுக்கு எதற்கு மருந்து என்று இஸ்திரிக்காரம்மாவும் விட்டுவிட்டாள். பிறகு வேறொரு சலவைக்கடையில் நின்றுகொண்டே வேலை. நோவு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒருநாள் ஈரத்துணி மூட்டையைத் தூக்கியபோது விழக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது வேறொரு டாக்டர் மாதாமாதம் கேப்ஸ்யூல் கொடுக்கிறார், வலி பரவாயில்லை என்றாள். குறை சொல்லும் குரலே இல்லை.

"அப்பவே மறுபடி வந்து வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் ரெக்கார்டு அக்கா.

"எப்படிம்மா சொல்றது? குணமாயிடுச்சுன்னு நீங்க எழுதிட்டீங்க. அதுக்கப்புறமும் வலிக்குதுன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

திரும்பி வரும் வழியில் அக்கா இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று எலும்புக்காக. இன்னொன்றுக்கு மருந்து எழுத எந்த டாக்டராலும் முடியாது.

திங்கட்கிழமை. காலக்கெடு தன் அறையில் டாக்டரம்மாவையும் வரவழைத்திருந்தார். மேஜைமேல் அக்காவின் ஃபைல், பக்கத்திலேயே மைத்தட்டு, 'குணம்' முத்திரை. கல்யாணப் பதிவு மாதிரி எல்லாம் தயாராக இருந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். முப்பத்து நாலு என்பது ரத்தத்தில் வந்து சேர்ந்த சரக்கு. அது எலும்புக்குப் போய் இறுக மாதக்கணக்கில் ஆகும். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் இன்னும் இரண்டு மடங்கு இருக்கிறது, அப்படியென்றால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொடையில் இருக்கும் கோடு மறையவில்லை. இந்த நிலையில் ஏணியில் ஏற்றினால் முறிந்துவிடும். காலக்கெடு எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இதற்கெல்லாம் முத்திரை இல்லையே டாக்டர் என்றார். விதிப்புத்தகத்தில் விட்டமினுக்கு எண் போட்டிருக்கிறது, கோட்டுக்குப் போடவில்லை.

"முத்திரையை அடிங்கம்மா," என்றார் அக்காவிடம்.

அக்கா முத்திரையைக் கையில் எடுத்தாள். மையில் வைத்தாள். பிறகு அதை மெதுவாக மைத்தட்டிலேயே விட்டுவிட்டாள்.

"நான் அடிக்கலைங்க, சார்."

அவருக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினாள். விதிப்புத்தகம் பத்தொன்பது வருஷமாக அவளுடைய தலைமாட்டில் கிடக்கிறது. காலக்கெடுவைவிட அவளுக்கு அது மனப்பாடம். பதினோராவது விதி: முத்திரை அடிக்கும் அதிகாரம் ரெக்கார்டு அறைப் பொறுப்பாளர் ஒருவருக்கே. பதினான்காவது விதி: ஃபைல் மூடப்படாத வரை டாக்டர் எழுதியதே செல்லும். அவள் அடிக்காதவரை ஃபைல் திறந்திருக்கும். திறந்திருக்கும்வரை ஏணி கிடையாது, பெட்டி கிடையாது, மருந்து நிற்காது, வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. பதினான்காவது விதியை எழுதியது காலக்கெடுவேதான். டாக்டர்களை விரட்டி ஃபைலைச் சீக்கிரம் மூட வைக்க எழுதினார். அது தன் காலைச் சுற்றும் என்று எழுதும்போது அவருக்குத் தோன்றியிருக்காது.

அவர் முகம் ரிப்போர்ட்டில் வராத நிறங்களுக்கெல்லாம் மாறியது. மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை, குறிப்பாணை வரும் என்றார்.

"அனுப்புங்க சார். அதுக்கு அஞ்சு கையெழுத்து வேணும். மாடிச் சாவிக்கு நான் எழுதிக் கொடுத்தது பதிமூணு வாரமாச்சு, இன்னும் ரெண்டாவது கையெழுத்துலதான் நிக்குது. இந்த மேஜையிலேருந்து அந்த மேஜைக்குப் போக ஒரு காகிதத்துக்கு இவ்வளவு நாளாகுது. என் எலும்புக்கு மட்டும் ஏன் சார் அவசரம்?"

டாக்டரம்மா சட்டென்று திரும்பி ஜன்னல் வழியே ஏதோ முக்கியமாகப் பார்க்க ஆரம்பித்தார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

அக்கா கீழே வந்து ஆறு ஃபைலையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். தான் அடித்த ஆறு 'குணம்' மேலும் சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் வெறும் முதலெழுத்தாக இல்லாமல் முழுக் கையெழுத்து வைத்தாள். கோடுகள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன. திறந்த ஃபைல்களுக்கு மருந்தும் மறுபரிசோதனையும் உண்டு. அஞ்சலில் ஆறு கடிதம் போனது. நாலு பேர் வந்தார்கள். ஒருத்தி முகவரியில் இல்லை. இஸ்திரிக்காரம்மா வரவில்லை, டாக்டரம்மாதான் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்.

அதன்பிறகு இரண்டு வேலைகள் பக்கம் பக்கமாக நடந்தன. குறிப்பாணை மாடிக்கு மாடி ஏறியது, அக்காவின் எலும்பு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறுகியது. யார் முந்துவார்கள் என்று பரிசோதனைக்கூடத்து ஆட்கள் பந்தயமே கட்டினார்கள். சாவி கிடைக்காததால் அக்கா மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றாள். வெயிலுக்குக் கையெழுத்து தேவைப்படவில்லை. நாலாவது மாதம் படியில் கைப்பிடியை இழுப்பது குறைந்தது. ஐந்தாவது மாதம் நடை ஆடுவது நின்றது; கிண்டல் பண்ணியவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நாத்தனாரின் துணிக்கூடை மட்டும் அக்காவின் கைக்கு வரவில்லை. டாக்டர் எழுதியதே செல்லும் என்ற பதினான்காவது விதியை அக்கா வீட்டிலும் அமல்படுத்திவிட்டாள். இப்போது இரண்டு கூடையையும் வீட்டுக்காரர்தான் தூக்குகிறார். அப்போது அவர் மூட்டில் வரும் சத்தத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை.

ஏழாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குறிப்பாணை வந்து சேர்ந்தது. ஐந்து கையெழுத்தும் இருந்தன. மூன்று மாத காலத்தில் குணமாகத் தவறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கொண்டுவந்த ப்யூன், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவள் எழுந்து நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அக்கா தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேனாவை வாயில் கவ்விக்கொண்டாள், கைகளை மார்பில் கட்டிக்கொண்டாள், எழுந்து நின்றாள்.

ப்யூனுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தம்மா எதற்கு மறுபடி உட்கார்கிறாள், மறுபடி எழுந்திருக்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் உட்கார்கிறாள் என்று விழித்தார்.

பத்தாவது மாதக் கடைசியில் நொதியும் இறங்கியது, எக்ஸ்ரேயில் கோடும் மறைந்தது. இனி மூடலாம், மாதக் கேப்ஸ்யூலை மட்டும் விடாதீர்கள் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். காலக்கெடுவே அவளுடைய தரைத்தள மேஜைக்கு இறங்கி வந்தார், ஒரு கையில் மாடிச் சாவியோடு. அனுமதி நேற்றுத்தான் ஆனதாம். வெளியே மழைக்காலம் தொடங்கியிருந்தது.

அக்கா தன் ஃபைலில் 'குணம்' அடித்தாள், கோணாமல். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் திறந்து கிடந்த இன்னொரு ஃபைலைக் காட்டி, இதையும் இன்றைக்கே மூடிவிடலாமே, எண் சரியாகத்தானே இருக்கிறது என்றார். இஸ்திரிக்காரம்மாவின் ஃபைல். விட்டமின் டி முப்பத்தாறு. எல்லா எண்ணும் சரிதான். ஒரு கால்தான் அரை அங்குலம் குட்டை.

"அதுக்கு முத்திரை இல்லைங்க, சார்," என்றாள் அக்கா. ஃபைலைத் திறந்தபடியே தன் மேஜை ஓரத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.